மாதம் ஒரு ஞாயிறு: கணவன் மனைவி சண்டையில்லாமல் கணக்குப் பார்க்கும் முறை

எங்கள் வீட்டில் பணச் சண்டை எப்போதும் 20-ம் தேதிக்கு மேல்தான் வரும். கையில் காசு குறைந்திருக்கும். யாரோ ஒருவர் ஏதோ வாங்கி வருவார். "இது இப்ப தேவையா?" என்று ஒரு கேள்வி கிளம்பும். அதற்குப் பதிலாகப் போன தீபாவளிக்கு வாங்கிய புடவை வெளியே வரும், அப்புறம் என் கணவர் தன் தம்பிக்குக் கொடுத்த கைமாற்று வரும். இருவருக்குமே உண்மையான எண் தெரியாது. ஆளுக்கொரு ஞாபகத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவோம்.

இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறோம். நாங்கள் திருச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம், இருவருக்கும் சம்பளம், ஒரு பையன். எங்கள் எண்களையே உதாரணமாக வைத்து முறையை முழுதாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கும், செய்யும் விதம் இதேதான்.

நாளும் இடமும்

இருவர் சம்பளமும் வந்த பிறகு வரும் முதல் ஞாயிறு, காலை டிபன் முடிந்ததும் உட்காருகிறோம். ராத்திரி வேண்டாம். பகலெல்லாம் உழைத்த அலுப்பில் எந்த எண்ணும் குற்றச்சாட்டு மாதிரியே காதில் விழும். மாதக் கடைசியும் வேண்டாம், அப்போது பேச்சு முழுக்கப் பற்றாக்குறையைச் சுற்றியே இருக்கும்.

நேரம் 45 நிமிடம், அதற்கு மேல் இல்லை. பையன் அந்த நேரம் எதிர் வீட்டில் விளையாடுவான். மாமனார் மாமியார் கூட இருக்கும் வீடு என்றால் மொட்டை மாடிக்கோ பக்கத்துப் பூங்காவுக்கோ போய்விடுங்கள். பெரியவர்கள் காதில் விழும் தூரத்தில் ஒருவர் தன் கடனைப் பற்றி வாய் திறக்க மாட்டார்.

உட்காருவதற்கு முன்: ஆளுக்கு 15 நிமிடம்

கூட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எண்களைத் தேடுவதும் அவற்றைப் பற்றிப் பேசுவதும் ஒரே நேரத்தில் நடந்தால், ஒருவர் போனில் வங்கி ஆப்பைத் திறந்து உருட்டுவார், மற்றவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து "இது என்ன 850?" என்பார். அதோடு கூட்டம் முடிந்தது. அதனால் எண்களைச் சனிக்கிழமையே எடுத்துவிட வேண்டும். அவரவர் கணக்கை அவரவரே எழுதுவது நல்லது.

எழுத வேண்டியது கொஞ்சம்தான். மாதத்தின் கடைசி நாள் இரவு தன் பெயரில் உள்ள செலவுக் கணக்குகளில் இருந்த இருப்பு, கையில் இருந்த ரொக்கம், அந்த மாதம் உள்ளே வந்த பணம். கிரெடிட் கார்டு இருந்தால் அன்றைய தேதியில் அதில் நிற்கும் மொத்தப் பாக்கி. யுபிஐ லைட்டில் கிடக்கும் சில்லறையை மறந்துவிட வேண்டாம். இருப்புகளையும் ரொக்கத்தையும் கூட்டி, கார்டு பாக்கியைக் கழித்தால் வருவதுதான் வீட்டின் உண்மையான இருப்பு.

தினமும் டீ, பூ, ஆட்டோ என்று நோட்டில் எழுதி வைக்கச் சொல்லும் முறையை நாங்கள் மூன்று முறை ஆரம்பித்தோம், மூன்று முறையும் 10 நாளில் நின்றது. அது தேவையே இல்லை. மாத ஆரம்ப இருப்போடு வருமானத்தைக் கூட்டி, மாதக் கடைசி இருப்பைக் கழித்தால் வெளியே போன பணம் மொத்தமும் கிடைத்துவிடும். எங்கள் மூன்றாவது கூட்டத்தில் அது இப்படி இருந்தது:

```
மாத ஆரம்ப இருப்பு     21,400
வந்தது               66,000
மொத்தம்              87,400
மாதக் கடைசி இருப்பு    19,300
வெளியே போனது       68,100
```

வந்தது 66,000, போனது 68,100. வருமானத்தை விட 2,100 அதிகம். இந்த எண்ணை யாரும் மறுக்க முடியாது, யார் ஞாபகமும் தேவையில்லை. வங்கி ஸ்டேட்மென்ட்டில் 1,000 ரூபாய்க்கு மேல் போன வரிகளை மட்டும் பார்த்தோம். வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு 1,800 போயிருந்தது. மீதி 300-ஐத் தேடவில்லை. 500-க்குக் கீழ் எதையும் துருவுவதில்லை என்பது எங்கள் விதி. அதைத் துருவினால் கிடைப்பது பணமில்லை, மனக்கசப்பு.

ஒரே தாளில் வீட்டு எண்கள்

முதல் கூட்டத்தில் மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலை. மாதம் எங்கே என்ன போகிறது என்பதை ஒரே தாளில் எழுத வேண்டும். அவர் சம்பளம் கைக்கு 42,000, என் சம்பளம் 24,000. இதை "உங்க பணம், என் பணம்" என்று பிரிக்காமல் 66,000 என்று தாளின் தலையில் எழுதினோம்.

அதன் கீழே நகர்த்த முடியாத செலவுகள்: வாடகை 11,000, வண்டித் தவணை 3,400, சீட்டு 5,000, அவர் பெற்றோருக்கு 4,000, என் அம்மாவுக்கு 2,000, பள்ளி வேன் 1,500, போனும் நெட்டும் 1,200, கரண்ட் 900. கரண்ட் பில் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் பாதியை எழுதிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதம் சேமித்தது போலவும் அடுத்த மாதம் இடித்தது போலவும் தோன்றும். கூட்டினால் 29,000.

மளிகை, பால், காய்கறி, சிலிண்டர், பெட்ரோல், மருந்து எல்லாம் சேர்த்து 18,000 என்று ஒரே வரியாக வைத்தோம். காய்கறிக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு என்று உடைக்கவில்லை. உடைத்தால் அந்தச் செலவைச் செய்கிறவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். எங்கள் வீட்டில் அது நான்தான்.

இதுவரை 47,000. 66,000-ல் 19,000 மீதி இருக்க வேண்டும். நிஜத்தில் ஒருநாளும் மீந்ததில்லை. காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

வருடச் செலவுக்குத் தனிக் கணக்கு

மாதாமாதம் வராத செலவுகளைத்தான் நாம் "திடீர்ச் செலவு" என்கிறோம். ஜூனில் பள்ளிக் கட்டணம் வருவதும் ஐப்பசியில் தீபாவளி வருவதும் எப்படித் திடீராகும்? முதல் கூட்டத்தில் பாதி நேரத்தை இதற்கே கொடுத்தோம். போன வருட ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு எழுதியது: பள்ளிக் கட்டணம் 36,000, எல்ஐசி பிரீமியம் 12,400, தீபாவளி 15,000, பொங்கல் 6,000, வண்டி இன்சூரன்சும் சர்வீசும் 5,000, கல்யாணம் காதுகுத்து மொய் 18,000, ஊர்த் திருவிழாவுக்குப் போய்வர 9,600. மொத்தம் 1,02,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,500.

எங்கள் சம்பளத்தில் மாதம் 8,500 ஏற்கெனவே செலவழிந்த பணம் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதை வீட்டுச் செலவோடு கலந்து வைத்திருந்ததால், தீபாவளி மாதம் யார் எதை வாங்கினாலும் அவர்தான் குற்றவாளி ஆனார்.

எனவே வேறொரு சேமிப்புக் கணக்கு திறந்து, சம்பளம் வந்த மறுநாள் 8,500 தானாகப் போகும்படி செய்துவிட்டோம். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு பீரோவில் இருக்கிறது, யுபிஐ-யில் இணைக்கவில்லை. அங்கே போகும் பணத்தை மாதக் கணக்கில் "வெளியே போனது" என்றே எடுத்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, ஆரம்பிக்கும் மாதம். நாங்கள் ஆகஸ்டில் ஆரம்பித்ததால் தீபாவளிக்குள் 25,500 சேர்ந்திருந்தது, 15,000 எடுக்க முடிந்தது. ஏப்ரலில் ஆரம்பிப்பவருக்கு ஜூன் பள்ளிக் கட்டணத்துக்கு முன் இரண்டு மாதப் பணம்தான் இருக்கும். அவர்கள் முதல் பெரிய செலவு எப்போது வருகிறது என்று பார்த்து, அதுவரை மட்டும் கூடுதலாகப் போட வேண்டும், அல்லது கட்டணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்று பள்ளியில் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மொய்க்கு மட்டும் ஊகம் வேண்டாம். எங்கள் கல்யாண மொய் நோட்டு பீரோவில் இருக்கிறது. ஆடி மாதக் கூட்டத்தில் அதை எடுத்து வைத்து, ஆவணி முகூர்த்தங்களுக்கு வந்திருக்கும் பத்திரிகைகளோடு ஒப்பிடுவோம். யார் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்பது அதிலேயே இருக்கும். "உங்க பக்கம் மட்டும் ஆயிரம், எங்க பக்கம் ஐநூறா?" என்ற பேச்சு எங்கள் வீட்டில் அந்த நோட்டு மேசைக்கு வந்த நாளோடு நின்றது.

கேள்வி கேட்காத பணம்

ஆளுக்கு 2,000 ரூபாய், இருவருக்கும் ஒரே தொகை. சம்பளம் கூடக் குறைய இருக்கலாம், ஒருவர் சம்பாதிக்காமல்கூட இருக்கலாம், இந்தத் தொகை சமம்தான். இதில் என்ன வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்று கேட்கக் கூடாது, சாடையாகக்கூட. அவர் நண்பர்களோடு பிரியாணி சாப்பிடுவார், நான் என் தங்கைக்கு வளையல் வாங்குவேன். இந்த வரி இல்லாத கூட்டம் சீக்கிரமே தணிக்கையாக மாறிவிடும். ஒளிக்கத் தேவையில்லாத இடம் ஒன்று இருந்தால்தான் மற்றதை மேசையில் வைக்க மனம் வரும்.

47,000-த்தோடு 8,500-ஐயும் 4,000-ஐயும் சேர்த்தால் 59,500. மீதி 6,500. எங்கள் வீட்டில் உண்மையிலேயே தீர்மானிக்க வேண்டிய பணம் அவ்வளவுதான்.

கூட்டத்தின் வரிசை

நான்கே விஷயம், இந்த வரிசை மாறக் கூடாது. முதல் 10 நிமிடம் எண்களை வாசிப்பது. அவரவர் எழுதியதை அவரவரே வாசிக்க வேண்டும், மற்றவர் நோட்டில் எழுத வேண்டும். இந்த 10 நிமிடத்தில் "ஏன்" என்ற சொல்லுக்கே இடமில்லை.

அடுத்த 10 நிமிடம், போன மாதத்தோடு பார்த்தால் என்ன மாறியது. யார் செலவழித்தார் என்று இங்கே பேசுவதில்லை, எந்த வரி கூடியது என்றுதான் பேசுகிறோம். "நீங்க பெட்ரோலுக்கு இவ்வளவு போட்டிருக்கீங்க" என்றால் சண்டை. "பெட்ரோல் 900 கூடியிருக்கு, அடுத்த மாசமும் வருமா?" என்றால் பதில் வரும்: "ஆமா, சைட் மாறிடுச்சு, தினம் 14 கிலோமீட்டர் கூட." அப்படியென்றால் தாளில் அந்த எண்ணைத் திருத்த வேண்டியதுதான். ஒருமுறை வந்துபோன செலவுக்கு எண்ணை மாற்ற வேண்டாம், ஒரு குறிப்பு போதும். "அடுத்த மாசமும் வருமா?" என்ற இந்தக் கேள்விதான் கூட்டத்தின் உயிர். நடந்ததற்கு விளக்கம் கேட்காமல் வரப்போவதற்கு இடம் ஒதுக்க வைக்கிறது.

மூன்றாவது 15 நிமிடம், அடுத்த 60 நாள். காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பிரீமியம் தேதி, முகூர்த்தம், பிறந்த நாள், வண்டி இன்சூரன்ஸ் முடியும் நாள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பணம் வருடக் கணக்கிலிருந்தா, மாதப் பணத்திலிருந்தா என்று எழுதினால் போதும்.

கடைசி 10 நிமிடம் ஒரே ஒரு முடிவு. ஒன்றுதான். என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். முதல் உற்சாகத்தில் ஐந்து முடிவு எடுத்தால் அடுத்த மாதம் நான்கு செய்யாமல் கிடக்கும், அந்த நான்கும் குற்றப் பட்டியலாகிவிடும்.

மறைந்திருந்த கடன் வெளியே வந்தால்

எங்கள் முதல் கூட்டத்திலேயே வந்தது. எண்களை வாசிக்கும்போது அவர் தயங்கி, ஒரு கார்டு ஸ்டேட்மென்ட்டை மேசையில் வைத்தார். பாக்கி 38,000. மச்சான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தேய்த்தது, மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்திருக்கிறார். எனக்கு வாய்வரை வந்தது "ஏங்க என்கிட்ட சொல்லல?" என்பதுதான். அந்த 10 நிமிட விதி இருந்ததால் நோட்டில் 38,000 என்று எழுதினேன், பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அடுத்த வரியை வாசிக்கச் சொன்னேன். அன்று நான் கேட்டிருந்தால், வேறு ஏதாவது இருந்திருந்தாலும் அது வெளியே வந்திருக்காது.

பிறகு அந்த ஸ்டேட்மென்ட்டைச் சேர்ந்து படித்தோம். வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது 1,330 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 239. அவர் கட்டிவந்த 1,900-ல் அசலில் கழிந்தது சுமார் 330 ரூபாய்தான். பாக்கி நிற்கும் வரை அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வழக்கமான வட்டியில்லா நாட்கள் கிடைக்காது.

இரண்டு வழி இருந்தது. கார்டை நிறுத்திவிட்டு மாதம் 6,500-ஐயும் அதற்கே கட்டினால் ஏழு மாதத்தில் முடியும், வட்டியும் வரியும் சுமார் 6,400 ஆகும். மாதம் 1 சதவீத வட்டியில் நகைக்கடன் வாங்கிக் கார்டை ஒரேயடியாக முடித்து, அதே 6,500-ஐ நகைக்கடனுக்குக் கட்டினால் ஆறு மாதத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும், வட்டி சுமார் 1,350. மதிப்பீட்டுக் கட்டணம் தனி. வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய்.

இந்த இடத்தில் ஒரு விதி செய்துகொண்டோம். நகை யாருடையதோ அவர்தான் முதலில் பேச வேண்டும், மற்றவர் கேட்கக் கூடாது. என் செயினை வைக்கலாம் என்று நானே சொன்னேன், அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். வங்கியில் கேட்டுக்கொண்டது ஒன்றே: இடையில் கொஞ்சம் கொஞ்சமாக அசலைக் கட்டலாமா? சில நகைக்கடன்களில் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டுவதுதான் வழக்கம், அப்படி விட்டால் புதுப்பித்துக்கொண்டே போகத் தோன்றும். முடிவு நோட்டில் ஏறியது: செயின் வைப்பது நான், கார்டை முடித்து மூடுவது அவர், 20-ம் தேதிக்குள்.

எங்கே கெடும், எப்படித் தெரியும்

பேனா எப்போதும் ஒருவர் கையிலேயே இருந்தால் கூட்டம் கெட ஆரம்பித்துவிட்டது. ஒருவர் கேட்கிறார், மற்றவர் பதில் சொல்கிறார் என்று ஆகிவிடும். நாங்கள் மாதம் மாற்றி மாற்றிப் பேனா பிடிக்கிறோம். இன்னொரு அறிகுறி, எவ்வளவு என்று கேட்டால் தொகைக்கு முன்னால் காரணம் வருவது. "அது வந்து, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தால் அவர் பயந்திருக்கிறார் என்று அர்த்தம். எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

குரல் உயர்ந்தால் அந்த விஷயத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டு அடுத்த ஞாயிறுக்குத் தள்ளுவோம். அன்று ராத்திரிக்குத் தள்ளக் கூடாது. இரு வீட்டுப் பெரியவர்களுக்கு அனுப்பும் பணத்தை மாதாமாதம் எடுத்து விவாதிப்பதும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அந்த எண்ணைத் தொடுவோம், மருத்துவச் செலவு வந்தால் ஒழிய.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஆன்லைன் ரம்மியில் பணம் போகிறது, எழுதிய எண்கள் திரும்பத் திரும்பப் பொய்யாகின்றன, அல்லது எண்ணைச் சொன்னால் அடி விழும் என்ற பயம் இருக்கிறது என்றால் மேசையும் நோட்டும் உதவாது. அங்கே முதலில் தன் சம்பளக் கணக்கையும் நகையையும் பத்திரப்படுத்திக்கொண்டு, நம்பும் ஒருவரைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

வருடத்தில் ஒரு கூட்டத்தில், எங்களுக்கு அது ஏப்ரல், நாமினி பெயர்களைச் சரிபார்க்கிறோம். என் வருங்கால வைப்பு நிதியில் கல்யாணத்துக்கு முன் எழுதிய அப்பாவின் பெயரே ஐந்து வருடம் கிடந்தது.

45 நிமிடம் முடியும்போது கடைசி வரியாக அடுத்த கூட்டத்தின் தேதியை எழுதி, அடுத்த மாதம் யார் பேனா பிடிப்பது என்று பக்கத்தில் குறித்துவிடுகிறோம். நோட்டு சமையலறை அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். இருவருக்கும் எட்டும் உயரம்.